நாலாவது வரிசை எங்கே விழும்?

எங்க வீட்டில பிசிக்ஸ் படிச்சவங்க ரெண்டு பேர். வெளியில தெரிஞ்சது ஒருத்தர்தான். அது என் அண்ணன். பத்தொன்பது வருஷமா ஒரே ஸ்கூல்ல பிசிக்ஸ் வாத்தியார். அதே ஸ்கூல்ல நான் கெமிஸ்ட்ரி. வீட்டில அவனை நீ, வா, போன்னுதான் பேசுவேன். ஸ்கூல் கேட்டைத் தாண்டிட்டா ‘சார்’. ரெண்டாவது ஆள் என் அண்ணி. நான் சொல்லப்போறது அவங்களைப் பத்தித்தான். அண்ணனைப் பத்திச் சொல்ல ஆள் நிறைய இருக்கு, முதல்ல அவனே இருக்கான்.

அண்ணி யுனிவர்சிட்டியிலேயே முதல் மார்க். அந்த மெடல் இன்னைக்கும் பீரோவில போர்வைக்கு அடியில கிடக்கு. அதே டிபார்ட்மென்ட்ல ரெண்டு வருஷம் முன்னாடி படிச்சவன் அண்ணன். அவன் பாஸ் பண்ணினான், அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல, கூடப் பொறந்த பாசம் தடுக்குது. கல்யாணமாகிப் பையன் பொறந்ததும், “யாராவது ஒருத்தர் வீட்டில இருக்கணுமே”ன்னு ஒரு பேச்சு வந்துச்சு. யாராவது ஒருத்தர்னா யாருன்னு ஒரு ஜீவனும் கேக்கல. அண்ணி சமையல்கட்டுக்குப் போனாங்க, அண்ணன் சாக்பீஸை எடுத்தான். இப்போ அந்தப் பையன் ஹாஸ்டல்ல இருக்கான். ஆனா அண்ணி மட்டும் இன்னும் அந்த ‘யாராவது ஒருத்தர்’ பதவியிலேயே இருக்காங்க.

கல்யாணமே வேண்டாம்னு சொல்லிட்டு நான் மாடியில இருக்கேன். அதனாலதான் எனக்கு விஷயம் தெரிஞ்சுது. ஒருநாள் மத்தியானம் லீவு போட்டுட்டுக் கீழே வந்து பாத்தா, அடுப்பில குக்கர் கத்திக்கிட்டிருக்கு, அண்ணி அரிசி டப்பா மேல வெள்ளைத்தாளை வச்சுக்கிட்டு லென்ஸ் கணக்கு போட்டுக்கிட்டிருக்காங்க. கையும் களவுமா மாட்டினாங்க. பசங்க பாடத்தில புரியாத கேள்வியைப் போட்டோ எடுத்து அனுப்பினா விடை எழுதித்தர ஒரு ஆப் இருக்கு. அதுக்கு எழுதுறவங்கள்ல எங்க அண்ணி ஒருத்தர். அங்கே பேரு கிடையாது, நம்பர்தான். எங்க அண்ணி 4471.

அதோட வேலை முறை இதுதான். ‘அலை ஒளியியல், மூணு பகுதி’ன்னு தலைப்பு மட்டும் முதல்ல வரும். எடுத்துக்கறேன்னு தட்டினாத்தான் போட்டோ திறக்கும். திறந்துட்டா வேண்டாம்னு திருப்பிவிட முடியாது, விட்டா அதுவே ஒரு புள்ளி கெட்ட பேரு. பன்னிரண்டு நிமிஷம். அதுக்குள்ள படிப்படியா எழுதி, எழுதினதைப் போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்பணும். வர்ற போட்டோ லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம். ஒண்ணு மடிப்பு விழுந்திருக்கும், இல்ல கட்டைவிரல் பாதித் தாளை மறைச்சிருக்கும், இல்ல ஃபேன் நிழல் குறுக்கே ஓடும். பத்தின் அடுக்கு மைனஸ் ஏழு, மைனஸ் ஒண்ணு மாதிரி நிக்கும். “பாதித் தப்பு கணக்கில இல்லம்மா, போட்டோவில இருக்கு”ன்னு அண்ணி சொல்லுவாங்க. சந்தேகம் வந்தா ‘இன்னொரு படம் அனுப்பு’ன்னு கேட்டு வாங்காம பேனாவைத் தொடமாட்டாங்க.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. மறைச்சதால தெரியாம இல்ல. நாலு வருஷமா அவன் கண்ணு முன்னாடியே நடக்குது, ஒரு தடவை கூட “என்ன எழுதுற?”ன்னு கேக்கல. போனைப் பாத்துக்கிட்டே அண்ணி எதையோ குறிச்சா, “என்ன, புதுசா ஏதாவது சமைக்கப்போறியா?”ம்பான். “பாப்போங்க”ம்பாங்க அண்ணி. முடிஞ்சுது.

ஆனா ஸ்டாஃப் ரூம்ல அந்த ஆப்பைப் பத்தி அவன் பேசினா நாள் பூரா கேக்கலாம். “எவனோ ஒருத்தன், எங்கேயோ உக்காந்துக்கிட்டு, எதையோ எழுதி அனுப்புறான். இதுங்க அதை வேதவாக்கா எடுத்துக்குதுங்க. அவன் பிசிக்ஸ் படிச்சானோ, பக்கத்து வீட்டில இரவல் வாங்கினானோ!” எல்லாரும் சிரிப்பாங்க. நான் தலையைக் குனிஞ்சு நோட்டுத் திருத்துவேன். அந்த ‘எவனோ ஒருத்தன்’ கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸைத்தான் துரை அப்போ திறந்துக்கிட்டிருப்பாரு.

இந்த வருஷம் அண்ணிக்கு ஒரு வாய்ப்பு வந்துச்சு. அந்த ஆப்பில மத்தவங்க எழுதுற விடையைப் பாத்துத் திருத்துறதுக்குச் சரிபார்ப்பாளர்னு ஒரு வேலை. வீட்டிலிருந்தே பாக்கலாம். நம்பர் இல்ல, பேரோட நியமனக் கடிதம். ஒரே நிபந்தனை, தொடர்ந்து மூணு மாசம் ஒரு புகார் கூட நிக்கக்கூடாது. அண்ணி காலண்டர்ல தினமும் பென்சில்ல ஒரு புள்ளி வச்சாங்க. பால் கணக்குன்னு அண்ணன் நினைச்சுக்கிட்டான். நாப்பது வயசுக்கு மேல தன் பேரைப் போட்டு ஒரு வேலைக் கடிதம் வரப்போகுதுன்னு அவங்க முகத்தில ஒரு வெளிச்சம் இருந்துச்சு பாருங்க, அதைப் பாத்தா எனக்கே வயித்தில பால் வாத்த மாதிரி இருக்கும். இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. அப்பதான் எங்க ஸ்கூல்ல பருவத்தேர்வு வந்துச்சு.

வெள்ளிக்கிழமை பிசிக்ஸ் பரீட்சை. கேள்வித்தாள் அண்ணனோடது. சனிக்கிழமை மத்தியானம் நானும் அண்ணியும் சமையல்கட்டுல உக்காந்திருந்தோம். நான் காய் நறுக்கிக்கிட்டிருந்தேன். போன் சிணுங்குச்சு, அண்ணி தட்டினாங்க, போட்டோ திறந்துச்சு. கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டுச் சிரிச்சாங்க.

“என்ன அண்ணி?”

“உங்க அண்ணன் கேள்வித்தாள்.”

தலைப்புப் பக்கம் போட்டோவில வெட்டுப்பட்டிருந்துச்சு. ஆனா அடியில ‘நேரத்தை வீணாக்காதே’ன்னு கோடு போட்ட வரி இருந்துச்சு. உலகத்தில வேற எந்த வாத்தியாரும் கேள்வித்தாள்ல அப்படி ஒரு வரி அச்சடிக்கிறதில்ல.

கேள்வி ரெண்டு பகுதி. முதல்ல இரட்டைப் பிளவு. ஒளியோட அலைநீளம் 600 நானோமீட்டர், பிளவுகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர், திரை ஒண்ணரை மீட்டர் தள்ளி. பட்டை அகலம் என்ன, மூணாவது பொலிவுப் பட்டை எங்கே? ரெண்டாவது பகுதியில, அதே ஒளி, அதே திரை, பிளவை எடுத்துட்டு கிரேட்டிங்கை வை, அதாவது நெருக்க நெருக்கமா கோடு கீறின கண்ணாடியை. ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை கோடு. ஒண்ணாம் வரிசை, ரெண்டாம் வரிசை, நாலாம் வரிசைப் பொலிவு மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில விழும்? அந்த ‘இத்தனை’ மேல சரியா மடிப்பு. 500-ஆ 600-ஆன்னு தெரியல. அண்ணி இன்னொரு படம் கேட்டாங்க. நகத்தில நீலச் சாயம் பூசின கட்டைவிரலோட வந்துச்சு. 500.

முதல் பகுதிக்கு அரை நிமிஷம் ஆகல. அலைநீளத்தைத் திரைத் தூரத்தால பெருக்கு, பிளவு இடைவெளியால வகு. பட்டை அகலம் 1.8 மில்லிமீட்டர், மூணாவது பொலிவு 5.4 மில்லிமீட்டர். ரெண்டாவதுக்கு வந்ததும் அண்ணி பேனாவை நிறுத்தினாங்க.

“இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க. உங்க அண்ணன் என்ன போட்டிருப்பாரோ தெரியல.”

“ஏன், அதே ஃபார்முலாதானே?”

“அதேதான்னு நினைப்போம். கிரேட்டிங்ல கோட்டுக்குக் கோடு இடைவெளி ரெண்டாயிரம் நானோமீட்டர்தான், பிளவை விட இருநூத்தியம்பது மடங்கு நெருக்கம். ஒளி அவ்வளவு அகலமா விரியும். கோணம் சின்னதா இருக்கிற வரைக்கும் சைனும் டேனும் ஒண்ணா இருக்கிற அண்ணன் தம்பி மாதிரி, யாரு எவருன்னு வித்தியாசமே தெரியாது. கோணம் பெருசாச்சுன்னா பாகப்பிரிவினை ஆயிடும். இங்கே சைன்தான் ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு ஏறும். திரையில விழற தூரம் டேன் கணக்கு.”

எழுதிக்கிட்டே போனாங்க. ஒண்ணாம் வரிசைக்குச் சைன் 0.3, டேன் 0.3145, ஒண்ணரை மீட்டரால பெருக்கினா 47.2 சென்டிமீட்டர். ரெண்டாம் வரிசைக்குச் சைன் 0.6, டேன் 0.75, தூரம் 112.5. மூணாம் வரிசையைக் கேக்கவே இல்ல, கேட்டிருந்தா மூணு மீட்டர் தாண்டிப் போயிருக்கும். நாலாம் வரிசைக்குச் சைன் 1.2.

“சைன் எப்படி அண்ணி ஒண்ணைத் தாண்டும்?”

“தாண்டாது. அதனால நாலாவது வரிசையே கிடையாது. அப்படி ஒரு கோணம் இருந்தாத்தானே ஒளி அங்கே போகும்?” ஒன்பது நிமிஷத்தில அனுப்பிட்டாங்க. அனுப்பிட்டு, “நாலாவது இல்லன்னு பசங்க எழுதறாங்களான்னு பாக்கத்தான் உங்க அண்ணன் கேட்டிருப்பாரு, நல்ல கேள்வி”ன்னாங்க. புருஷன் மேல அவ்வளவு நம்பிக்கை. நானும் நம்பினேன்.

புதன்கிழமை விடைத்தாள் குடுத்தாங்க. அன்னிக்குச் சாயந்தரம் நான் ஸ்கூல்லயிருந்து வர்றப்போ அண்ணி முற்றத்தில காயற துணிக்கு நடுவில நிக்கிறாங்க, கையில போன். முகம் செத்துக் கிடக்கு. நாலு மணிக்கு வந்த புகார். ‘4471 எழுதிய விடை தவறு. எங்கள் சார் என் விடைக்கு முழு மதிப்பெண் தந்துள்ளார்.’ சாட்சிக்கு விடைத்தாளோட போட்டோ. 45, 90, 180 சென்டிமீட்டர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சிவப்பு டிக். கீழே அண்ணனோட கையெழுத்து, வாலை இழுத்து விட்ட அந்தக் கையெழுத்து.

அவன் பொறி எதுவும் வைக்கல. பத்தொன்பது வருஷமா பட்டை அகல ஃபார்முலாவைப் போட்டுப் போட்டு, கை பழகி, கிரேட்டிங்குக்கும் அதையே போட்டுட்டான். இல்லாத நாலாவது வரிசைக்கு இடம் ஒதுக்கி, அதுக்கு ஒரு மார்க்கும் குடுத்திருக்கான்!

அண்ணி படிப்படியா விளக்கம் எழுதி அனுப்பினாங்க. பதில் உடனே வந்துச்சு, மனுஷங்க எழுதின மாதிரியே இல்ல. ‘ஆசிரியர் திருத்திய தாள் இணைக்கப்பட்டுள்ளது. புகார் கொடுத்தவர் திரும்பப் பெற்றாலோ, ஆசிரியரிடமிருந்து திருத்தக் குறிப்பு வந்தாலோ மட்டுமே புகார் நீக்கப்படும். வெள்ளி மாலை நான்கு மணி வரை.’

“இவ்வளவுதானே? அண்ணன்கிட்ட இப்பவே சொல்லி ஒரு வரி எழுதி வாங்கிடலாம்”னு நான் கிளம்பினேன். அண்ணி என் கையைப் பிடிச்சாங்க.

“தப்புன்னு சொல்லு. நான்னு சொல்லாதே.”

“ஏன் அண்ணி? உங்க வேலை போயிடும்!”

“சொல்லாதேன்னா சொல்லாதே. சொன்னா அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே.”

பயம்னு நினைச்சேன். எனக்குக் கோவம் கூட வந்துச்சு. இத்தனை படிச்சு என்ன, புருஷனைக் கண்டா இந்த நடுக்கமான்னு மனசுக்குள்ள திட்டினேன். ஆனா வாக்கு குடுத்துட்டேன்.

வியாழக்கிழமை முதல் பீரியட் முடிஞ்சதும் அந்த நீல நகத்தைப் பிடிச்சேன். முதல் பெஞ்ச்சில உக்கார்ற பொண்ணு, எனக்கும் நல்ல மாணவிதான். “நாலாவது வரிசைக்குச் சைன் எவ்வளவு வருது, போட்டுப் பாரு”ன்னேன். போட்டுப் பாத்துச்சு. கண்ணு விரிஞ்சுது.

“அப்போ அந்த ஆப்பில வந்தது சரியா டீச்சர்?”

“சரி. புகாரை வாபஸ் வாங்கிடு.”

“வாங்கிட்டு, சார்கிட்ட விஷயம் போச்சுன்னா என் மூணு மார்க் போயிடுமே டீச்சர்.” அதுவும் நியாயம்தான். தப்புக்கு மார்க் வாங்கினவகிட்டப் போய் யோக்கியமா இருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. விட்டுட்டேன்.

மத்தியானம் ஸ்டாஃப் ரூம்ல அண்ணன்கிட்டப் போனேன். “சார், உங்க கிரேட்டிங் கணக்கு விடையில ஒரு சந்தேகம்.”

“உனக்கா? நீ போய் உப்பு எது, அமிலம் எதுன்னு பாரும்மா.”

“நாலாம் வரிசைக்குச் சைன் 1.2 வருதே சார்?”

“எதுக்குச் சைன்? அதே பட்டை அகல ஃபார்முலாதான், லாம்டா டி பை டி. ஒண்ணுக்கு நாப்பத்தஞ்சு, ரெண்டுக்குத் தொண்ணூறு, நாலுக்கு நூத்தியெண்பது. இதை நான் தூக்கத்தில கூடப் போடுவேன்.”

“தூக்கத்திலதான் சார் போட்டிருக்கீங்க”ன்னுட்டேன். என் வாய் அப்படி. எதிர் மேசையில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அவ்வளவுதான், அண்ணன் காது சிவந்துடுச்சு. அதுக்கப்புறம் அவன்கிட்ட நியூட்டனே வந்து சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டான். காரியத்தைக் கெடுத்தது நான்தான்னு இப்பவும் தோணுது.

சரி, வாயால முடியாது, கண்ணால காட்டுவோம்னு வெள்ளிக்கிழமை காலையில லேப் அக்காவைப் பிடிச்சேன். இருபது வருஷமா அந்த லேபுக்குப் பூட்டும் சாவியும் அவங்கதான். பச்சை லேசர் ஒண்ணும் 500 கோட்டு கிரேட்டிங்கும் எடுத்து வச்சாங்க. லேசர் பெட்டியில 532 நானோமீட்டர்னு ஒட்டியிருந்துச்சு. சுவர்லயிருந்து சரியா ஒண்ணரை மீட்டர்ல கிரேட்டிங். பீரியட் இல்லாத நேரத்தில அண்ணன் லேபுக்கு வந்தான். “சார், உங்க கணக்குப்படி எங்கெங்கே விழும்னு நீங்களே குறிச்சுக் குடுங்க”ன்னு அக்கா வெள்ளந்தியா கேட்டாங்க. அண்ணன் மிடுக்கா சாக்பீஸை எடுத்து, மையத்திலிருந்து வலது பக்கமா நாப்பது, எண்பது, நூத்திருபது, நூத்தியறுபதுன்னு நாலு கோடு போட்டான். ஜன்னலை மூடினோம். லேசரைப் போட்டோம்.

முதல் புள்ளி நாப்பத்தொண்ணரையில விழுந்துச்சு.

“பாத்தியா? ஒண்ணரை சென்டிமீட்டர். அளவுப் பிழை”ன்னான்.

ரெண்டாவது தொண்ணூத்திநாலுல.

“டேப் தொய்வா இருக்கு.”

நூத்திருபது கோட்டில ஒண்ணும் இல்ல, வெறும் சுண்ணாம்பு. நூத்தியறுபதுலயும் ஒண்ணும் இல்ல. அதையும் தாண்டி, கிட்டத்தட்ட இருநூறு சென்டிமீட்டர் கிட்டே, பீரோ ஓரமா ஒரு பச்சைப் புள்ளி.

“அதோ! அதோ உன் நாலாவது!”ன்னு அண்ணன் கத்தினான்.

லேப் அக்கா விரலை நீட்டி எண்ணினாங்க. “ஒண்ணு, ரெண்டு, மூணு. இது மூணு சார்.”

அதுக்கப்புறம் சுவர் பூரா தேடினோம். பக்கத்துச் சுவர், மேல் சுவர், பீரோவுக்குப் பின்னாடி கூட. அண்ணன் முட்டி போட்டு மேசைக்கு அடியில எட்டிப் பாத்தான். நாலாவது இல்ல. எழுந்து முட்டியைத் தட்டிக்கிட்டே, “லேசர் வெளிச்சம் பத்தல”ன்னான். ஆனா குரல் இறங்கிடுச்சு. சாக்பீஸ் கோட்டையே பாத்துக்கிட்டு நின்னான். புரிஞ்சுடுச்சு அவனுக்கு. கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா?

மணி அப்போ பன்னிரண்டு.

“சார், விடை தப்புன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க”ன்னேன்.

“எதுக்கு உனக்கு?”

“ஒரு பொண்ணுக்கு வேணும்.”

“திங்கக்கிழமை கிளாஸ்ல முறையா நானே சொல்றேன்.”

“இன்னைக்கே வேணும் சார். நாலு மணிக்குள்ள.”

“நாலு மணிக்கு என்ன, ரயிலா போகப்போகுது? சனி ஞாயிறு நான் கொஞ்சம் புத்தகத்தைப் பாக்க வேண்டாமா? பத்தொன்பது வருஷம் சொன்னதை ஒரு லேசரைப் பாத்து மாத்திடுறதா?”

நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ‘டேய், அது உன் பொண்டாட்டிடா’ன்னு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். மூணு மணிக்கு மறுபடியும் கேட்டேன், கெஞ்சினேன். “நச்சரிக்காதே”ன்னுட்டுப் போயிட்டான். நாலு மணிக்கு ஸ்கூல் மணி அடிச்சப்போ திருத்தின நோட்டை அப்படியே போட்டுட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தா அண்ணி அடுப்பைத் துடைச்சுக்கிட்டிருக்காங்க. போன் ஜன்னல் விளிம்புல கவுந்து கிடக்கு. “முடிவு வந்துடுச்சா?”ன்னு கேட்டேன். தலையை ஆட்டினாங்க. புகார் நிலைச்சுடுச்சு. இன்னும் ரெண்டே ரெண்டு நாள் தாண்டியிருந்தா கடிதம். “சரி விடு, இன்னொரு மூணு மாசம்”னாங்க. ஆனா அடுப்புல துடைச்ச இடத்தையே திரும்பத் திரும்பத் துடைச்சாங்க. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, மாடிக்கு ஓடிட்டேன்.

திங்கக்கிழமை அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாத்தினான். கிளாஸ்ல நின்னு, விடை தப்பு, சரியான விடை இதுதான்னு கரும்பலகையில சைன் போட்டு, டேன் போட்டு, அழகா எழுதினான். அந்தக் கேள்வியை எழுதின எல்லாருக்கும் மூணு மார்க்கும் போட்டான். நீல நகத்துக்கு மார்க் போகல. பசங்க கைதட்டினாங்க. விஷயம் தலைமை ஆசிரியை வரைக்கும் போச்சு. அடுத்த நாள் காலைப் பிரார்த்தனையில, “தன் தவறைத் தானே கண்டுபிடித்து, தயங்காமல் ஒப்புக்கொண்ட ஆசிரியர்”னு மைக்ல புகழ்ந்து தள்ளிட்டாங்க. ‘தானே’ன்னு சொன்னப்போ லேப் அக்கா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ‘தயங்காமல்’னு சொன்னப்போ நான் அவங்களைப் பாத்தேன்.

அன்னிக்குச் சாயந்தரம் அண்ணன் வீட்டுக்குள்ள வந்த விதத்தைப் பாக்கணுமே! கூடத்தில சேரை இழுத்துப் போட்டு உக்காந்து, அண்ணியைக் கூப்பிட்டு, ஆதியோடந்தமா சொன்னான். “தப்பை ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும், தெரியுமா? எல்லாருக்கும் வராது.”

அண்ணி டீ கிளாஸை அவன் கையில குடுத்துட்டு, “ஆமாங்க”ன்னாங்க.

அந்த ‘ஆமாங்க’வைத்தான் என்னால தாங்க முடியல. வாக்காவது ஒண்ணாவது, போட்டு உடைச்சேன்.

“டேய்! அந்த ஆப்பில சரியா எழுதினது யாருன்னு தெரியுமாடா உனக்கு? இதோ நிக்கிறாங்களே, இவங்கதான். உன் சிவப்பு டிக்கைக் காட்டித்தான் இவங்க மேல புகார் குடுத்தாங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள உன்கிட்டயிருந்து ஒரு வரி கிடைச்சிருந்தா இவங்களுக்கு வேலைக் கடிதம் வந்திருக்கும். பேரு போட்ட கடிதம்டா! நீ புத்தகத்தைப் பாத்துக்கிட்டிருந்தே!”

அண்ணன் அண்ணியைப் பாத்தான், என்னைப் பாத்தான், மறுபடியும் அண்ணியைப் பாத்தான். உண்மையாவே பதறிட்டான், அதைச் சொல்லாம விட்டா பாவம்.

“நீயா? நாலு வருஷமாவா?” டீயைக் கீழே வச்சான். அப்புறம், “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நீன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே எழுதிக் குடுத்திருப்பேனே”ன்னான்.

எனக்குத் தெரியும், எழுதிக் குடுத்திருப்பான். பொண்டாட்டிக்கு உதவி செஞ்ச நல்ல புருஷனா, பெருந்தன்மையா எழுதிக் குடுத்திருப்பான்.

அண்ணி நின்ன இடத்தைவிட்டு அசையல. குரலும் உயரல. பயம்னு நான் நினைச்சது எதுவும் அந்த முகத்தில இல்ல.

“நான்னு தெரிஞ்சதுக்கப்புறம்தான் சரியாகிற கணக்காங்க அது?”ன்னு கேட்டாங்க.